அரை டிக்கெட்டுக்காக எழுதிய கடிதம்

கணக்கில் ஒரு சதம் தப்பாக இருந்தாலும் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. இது நல்ல குணம் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஏறிப்போகிற பாதையில் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் ஆபீசில் நான் சின்னக் கிளாக்கர். தொழிலாளிகளின் செக்ரோல் என் கையில் இருந்தது. யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார்கள், யாருக்கு முழுக்கூலியான முழுப்பேர், யாருக்குப் பாதிக்கூலியான அரைப்பேர், அரிசிக்கு எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பெரிய புத்தகத்தில் என் எழுத்தில்தான் ஏறும். அவர்களுடைய சம்பளத்தைத் தோட்டத்திலேயே போடுவோம். எங்களைப் போன்ற உத்தியோகத்தர்களுடைய சம்பளத்தைக் கொழும்பில் இருந்த கம்பெனியின் சம்பளப் பகுதி போடும். மாதத்துக்கு ஒருமுறை தபால் பெட்டியோடு ஆளுக்கொரு சீட்டு வரும். மேலே சம்பளம், நடுவில் கழிவுகள், கீழே மிச்சம். அந்த மிச்சத்தைத் தோட்டத்துத் துரை எண்ணிக் கொடுப்பார். நான் சீட்டை மூன்று தடவை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். பெரிய கிளாக்கர் அதைப் பார்த்துச் சிரிப்பார். உனக்குப் பெண்டாட்டி பிள்ளை பக்கத்தில் இல்லை, அதனால் நீ காகிதத்தோடு குடும்பம் நடத்துகிறாய் என்பார்.

அவர் சொன்னது பொய்யில்லை. என் மனைவியும் மகளும் திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் ஊரில் இருந்தார்கள். மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது நான் கடல் தாண்டி வந்தேன். இரண்டு வருஷம் கழித்து இருபது நாள் லீவில் ஒரு தடவை போனேன். அந்த இருபது நாளும் அவள் என் இடுப்பை விட்டு இறங்கவில்லை. தலையில் எண்ணெய் வாசனையும் வாயில் வெல்லமுமாக என் தோளில் தூங்கிப் போவாள். திரும்பி வந்த பிறகு எத்தனையோ நாள் ஆபீசில் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கையில் என் இடது இடுப்பில் அந்தக் கனம் இருக்கிற மாதிரியே இருக்கும். எழுந்து நின்றால் அது போய்விடும். அதனால் எழுந்திருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு போக முடியவில்லை. முதலில் என் தகப்பனார் வைத்துவிட்டுப்போன கடன். பிறகு கேட்டபோதெல்லாம் லீவு இல்லை. மனைவியாவது வரலாமென்றால் அவளுடைய அப்பா பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பார்க்க வேறு ஆள் கிடையாது. அடுத்த பொங்கலுக்குப் பார்க்கலாம் என்று அவள் எழுதுவாள், அடுத்த பொங்கலுக்குப் பார்க்கலாம் என்று நானும் எழுதுவேன். அவள் எழுதுவாள் என்று சொல்வது சரியில்லை. அவளுக்கு எழுதத் தெரியாது. தபாலாபீசு வாசலில் கடிதம் எழுதிக்கொடுக்கிற ஒருவரிடம் சொல்லி எழுதுவிப்பாள். எல்லாக் கடிதமும் ஒரே மாதிரி இருக்கும். நாங்கள் சுகம், குழந்தை சுகம், உங்கள் சுகத்துக்கு எழுதவும். நான் அந்தக் கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்ப்பேன். அதில் அவள் குரலின் ஒரு துளிகூட இருக்காது.

தீபாவளிக்குத் தீபாவளி மகளுக்கு ஒரு பட்டுக்கரைப் பாவாடை அனுப்புவது மட்டும் தவறாது. பதுளை பஜாரில் நம் ஊர்க்காரர் ஒருவருடைய ஜவுளிக்கடை இருந்தது. அவர் வீட்டு ஆட்கள் வருஷா வருஷம் திருச்சிக்குப் போய்வருவார்கள், அவர்களிடம் கொடுத்தனுப்புவேன். எத்தனை உயரம் என்று கடைக்காரர் கேட்பார். நான் கையை இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வைத்துக் காட்டுவேன். போன வருஷமும் இதே உயரம்தானே காட்டினீங்க என்று ஒரு தடவை அவர் கேட்டது நினைவிருக்கிறது. பிள்ளை கொஞ்சம் பூஞ்சை உடம்பு என்று சொல்லிவிட்டு நிறத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

இப்படி இருக்கையில் ஒரு வருஷம் மாமனார் காலமான செய்தி வந்தது. அழவேண்டிய செய்திக்கு நான் அழவில்லை. இனி அவர்கள் வரலாம் என்றுதான் முதலில் தோன்றியது. வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான். அன்றைக்கே கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டேன். உத்தியோகத்தர் குடும்பத்தை அழைத்துக்கொள்ள விரும்பினால் கம்பெனி முன்பணமாகப் பயணச் செலவைக் கொடுக்கும். திருச்சியில் இருந்த கம்பெனி ஏஜெண்டு ஆட்களைப் பார்த்து டிக்கெட் எடுத்து, மண்டபம் முகாம் வழியாக அனுப்பிவைத்து, கணக்கைக் கொழும்புக்கு அனுப்புவார். சம்பளப் பகுதி அதை ஆறு மாதத் தவணையாகச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். பெரிய ஆளுக்குப் பதினெட்டு ரூபாய். பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் அரை டிக்கெட், ஒன்பது ரூபாய்.

விண்ணப்பம் போட்டு ஒன்றரை மாதம் ஒரு சேதியும் இல்லை. கார்டும் வரவில்லை. எனக்குக் கொடுத்திருந்த இரண்டு அறை வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். அடுப்பங்கரையில் ஒரு பலகை அடித்தேன். மகள் ஏறி எடுக்கட்டும் என்று அந்தப் பலகைக்குக் கீழே ஒரு முக்காலியும் போட்டேன். மாலையில் வேலை முடிந்ததும் கீழே பாதை வளைகிற இடம்வரை நடந்துபோய், அங்கே கொஞ்சநேரம் நின்றுவிட்டுத் திரும்புவேன். யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்துதான் போவேன்.

பிறகு மாதச் சீட்டு வந்தது. சம்பளம் நாற்பது. அரிசிக்கு ஆறு ஐம்பது. அதற்குக் கீழே, இதுவரை என் சீட்டில் இல்லாத ஒரு வரி. குடும்பப் பயணச் செலவு, பெரியவர் இருவர், முதல் தவணை, ஆறு ரூபாய். மிச்சம் இருபத்தேழு ஐம்பது.

முதலில் நான் கூட்டவேயில்லை. அந்த வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பணத்தைப் பிடித்துவிட்டார்கள் என்றால் ஏஜெண்டு டிக்கெட் எடுத்துவிட்டார். டிக்கெட் எடுத்துவிட்டார் என்றால் அவர்கள் புறப்பட்டுவிட்டார்கள். எனக்கு ஒருத்தரும் சொல்லாத சேதியைக் கம்பெனியின் கழிவுக் கணக்கு சொல்லிவிட்டது. சம்பளத்தில் பணம் பிடித்ததற்காகச் சந்தோஷப்பட்டவன் அந்த ஊவா மாகாணத்திலேயே அன்றைக்கு நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய கிளாக்கரிடம் சீட்டை நீட்டினேன். அவர் படித்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

தட்டிவிட்டுக் கேட்டார். "பெரியவர் ரெண்டு பேர்னு போட்டிருக்கான். உன் சம்சாரம் ஒருத்திதானே? இன்னொண்ணு யாரு?"

அப்போதுதான் எனக்குக் கணக்குப் புத்தி திரும்பியது. இரண்டு பெரியவர் என்றால் முப்பத்தாறு ரூபாய், ஆறு தவணையில் மாதம் ஆறு. ஆனால் வரவேண்டியது ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும். பதினெட்டும் ஒன்பதும் இருபத்தேழு, மாதம் நாலு ஐம்பது. ஒவ்வொரு மாதமும் ஒன்றரை ரூபாய் அதிகம் பிடிக்கப் போகிறார்கள். சுருக்கென்று வந்தது கோபம். பணத்துக்காக மட்டும் வந்த கோபம் இல்லை அது. என் மகளைக் கொழும்பில் எவனோ ஒருவன், பார்க்காமல் கொள்ளாமல், பேனா முனையில் பெரிய மனுஷியாக்கிவிட்டான் என்ற கோபம்.

பெரிய கிளாக்கர் இந்த மாதிரிக் கடிதங்களில் கெட்டிக்காரர். அவசரப்படாதே என்றார். சம்பளப் பகுதிக்காரனுக்குக் கதை வேண்டாம், கணக்குத்தான் வேண்டும் என்றார். எந்த மாதத்துச் சீட்டு, எந்த வரி, பிடித்தது எவ்வளவு, பிடித்திருக்க வேண்டியது எவ்வளவு, வித்தியாசம் எவ்வளவு, ஏன். பிறகு கேட்பது என்ன. அதிகம் பிடித்ததைத் திருப்பிக் கொடு, மீதித் தவணைகளைத் திருத்து, திருத்திய சீட்டு ஒன்று அனுப்பு. தப்பான சீட்டைக் கடிதத்தோடு இணைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும், ஒரே மாதத்துக்கு ஒரு ஆளிடம் இரண்டு சீட்டு இருக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. எல்லாம் துரை மூலமாகத்தான் போகவேண்டும்.

அப்படியே இங்கிலீஷில் எழுதினேன். ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. என் மகள் சிறுபிள்ளை, வயது ஒன்பது, ஆகையால் அரைக் கட்டணமே பொருந்தும் என்று எழுதிய இடத்தில் மட்டும் கொஞ்சம் அழுத்தி எழுதினேன். துரை படித்துப் பார்த்தார். பிள்ளைக்கு வயது நிச்சயந்தானா என்று கேட்டார். நிச்சயம் ஐயா என்றேன். அவர் கீழே தன் கையெழுத்தைப் போட்டு, விவரம் சரி என்று ஒரு வரியும் சேர்த்தார்.

ஒன்பது எங்கிருந்து வந்தது என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். எப்போதோ ஒரு தீபாவளிக்கு ஜவுளிக்கடை வாசலில் நின்றுகொண்டு, இப்போது அவளுக்கு ஒன்பது இருக்கும் என்று எண்ணிப் பார்த்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு எண்ணவில்லை. இங்கே தேயிலை வருஷம் முழுக்கத் துளிர்க்கும், நாங்கள் வருஷம் முழுக்கப் பேர் எழுதுவோம், ஒரு வருஷத்துக்கும் அடுத்த வருஷத்துக்கும் நடுவில் புத்தகம் மாறுவதைத் தவிர ஒன்றும் தெரியாது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. எண்ணினால் வலிக்கும், அதனால் எண்ணவில்லை. அவ்வளவுதான்.

அதே நான்தான், காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் பதிகிற பெரட்டில் வேறு மாதிரி இருந்தேன். தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. ஆளைப் பார்த்துத்தான் அரைப்பேரிலிருந்து முழுப்பேருக்கு மாற்றுவோம். அந்த மாதத்திலேயே ஒரு பெண் தன் மகளை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். புள்ள பெரிசாயிட்டா, கூடை நிறையக் கொழுந்து எடுக்கிறா, பேரை மாத்திப் போடுங்க ஐயா என்றாள். போன வருஷம் எழுதிய வயதைப் புத்தகத்தில் காட்டி, அடுத்த வருஷம் வா என்று அனுப்பிவிட்டேன். நேரே நின்ற பிள்ளையை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கடிதம் போன பிறகு காத்திருப்பு. மண்டபம் முகாமில் நோய் இருக்கிறதா என்று பார்க்க ஆறேழு நாள் வைத்திருந்துதான் கப்பல் ஏற்றுவார்கள் என்று தெரியும். ஆறு நாள் போயிற்று, பத்து நாள் போயிற்று. பண்டாரவளையோடு ரயில் நின்றுவிடுகிற காலம் அது. அங்கிருந்து தோட்டத்துக்குச் சாமான் ஏற்றிவரும் வண்டிக்காரர்களை ஒவ்வொருவராகப் பிடித்து விசாரித்தேன். கடைசியில் ஒருவர் சொன்னார். முகாமில் யாருக்கோ அம்மை கண்டிருக்கிறது, அந்தக் கூட்டத்தில் வந்த எல்லாரையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்றார். அவர்கள் கடலுக்கு அந்தக் கரையில், மணலில், ஏதோ ஒரு கொட்டகையில் இருக்கிறார்கள். ஊரில் இருந்தபோதுகூட அவர்கள் அவ்வளவு தூரத்தில் இருந்ததாக எனக்குத் தோன்றியதில்லை. கிட்டே வர வரத்தான் ஏக்கம் பெரிதாகிறது. முக்காலியை இரண்டு தடவை இடம் மாற்றி வைத்தேன்.

இதற்குள் கொழும்பிலிருந்து பதில் வந்துவிட்டது. பெரிய கிளாக்கர் சொன்னது சரிதான், கணக்கு சுத்தமாக இருந்தால் சம்பளப் பகுதி மறுபேச்சுப் பேசாது. தங்கள் கடிதம் கிடைத்தது, துரை உறுதி செய்திருப்பதால் விவரம் ஏற்கப்பட்டது, அதிகம் பிடித்த ஒரு ரூபாய் ஐம்பது சதம் அடுத்த மாதம் சேர்க்கப்படும், திருத்திய சீட்டு இதனுடன். சீட்டைப் பிரித்தேன். குடும்பப் பயணச் செலவு, பெரியவர் ஒருவர், குழந்தை ஒன்று, முதல் தவணை, நாலு ரூபாய் ஐம்பது சதம். மிச்சம் இருபத்தொன்பது. குழந்தை ஒன்று என்ற அந்த இரண்டு சொல்லையும் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சீட்டை மடித்துச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டேன். எதையோ ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

அவர்கள் வரும் தேதி தெரிந்ததும் துரையிடம் இரண்டு நாள் லீவு வாங்கிக்கொண்டு, ஒரு மாட்டு வண்டி பேசி, பண்டாரவளைக்குப் போனேன். குளிருக்கு அவளைப் போர்த்தி மடியில் வைத்துக்கொள்ளச் சின்னக் கம்பளி ஒன்று. பப்பர்மிட்டு ஒரு பொட்டலம். வண்டியில் வைக்கோலை ஒரு மூலையில் குவித்து, பிள்ளை படுத்துக்கொள்ள இடம் செய்யச் சொன்னேன்.

ரயில் மத்தியானம் வந்தது. தோட்டத்து எண் அடித்த தகர டிக்கெட்டைக் கழுத்தில் கட்டிக்கொண்ட தொழிலாளிகள் கூட்டம் கூட்டமாக இறங்கினார்கள். கங்காணிகள் அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒதுக்கினார்கள். நான் இடுப்பு உயரத்தில் இருந்த பிள்ளைகளையெல்லாம் பார்த்துக்கொண்டு பிளாட்பாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். மனைவியை அடையாளம் கண்டேன். மெலிந்து, காதோரம் நரைத்து, ஆனால் முக்காட்டை அதே மாதிரி இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பக்கத்தில் அவளைவிடக் கொஞ்சம் உயரமாக, தாவணி போட்ட ஒரு பெண், மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள். வழித்துணைக்கு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"பிள்ளை எங்கே?" என்று கேட்டேன். எட்டு வருஷம் கழித்து என் மனைவியிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் மூட்டையை இறக்கிக் கீழே வைத்துவிட்டு, என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

அவள் குனிந்தபோதுதான் அந்தப் பாவாடையைப் பார்த்தேன். மேலே ஒரு துண்டு மஞ்சள், அதற்குக் கீழே அரக்கு, அதற்குக் கீழே பச்சை. ஒவ்வொரு துண்டின் கீழும் பதுளைக் கடையில் நான் பார்த்துப் பார்த்து எடுத்த பட்டுக்கரை. வருஷா வருஷம் நான் அனுப்பிய குட்டிப் பாவாடையைப் பிரித்து, பழையதன் கீழே ஒட்டுத் தைத்து, பிள்ளை வளர வளர என் மனைவி அதை நீளமாக்கிக்கொண்டே வந்திருக்கிறாள். எனக்கு எண்ணுகிற புத்தி. அந்தப் பிளாட்பாரத்தில் நின்று எண்ணினேன். எட்டு. ஐந்தும் எட்டும் பதின்மூன்று. கடைசித் துண்டு நீலம், புத்தம் புதிது, அதன் கரை தரையைத் தொட்டது.

கூட்டல் தெரிந்தவனுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. திருச்சியில் ஏஜெண்டு அவளை நேரில் பார்த்திருக்கிறார், பெரியவர் இருவர் என்று எழுதியிருக்கிறார். கொழும்பில் இருந்தவன் அதை அப்படியே போட்டிருக்கிறான். எல்லோருடைய கணக்கும் சரி. தப்பாகக் கணக்குப் போட்டவன், துரையையும் அதற்குக் கையெழுத்துப் போட வைத்தவன், நான்.

வண்டியில் வைக்கோல் குவியலை அவள் எடுத்து அம்மாவின் முதுகுக்கு அணையாக வைத்துவிட்டு, தான் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். பப்பர்மிட்டைக் கொடுத்தேன். வாங்கி மடியில் முடிந்துகொண்டாள், தின்னவில்லை. கம்பளி அவள் தோளைக்கூட மறைக்கவில்லை. அவளோடு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று வயதிலும் ஐந்து வயதிலும் பேசிய பேச்சுத்தான் என்னிடம் இருந்தது. அதைப் பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் பேச முடியாது. குளிருதாம்மா என்று நாலைந்து தடவை கேட்டேன். இல்லீங்க என்று நாலைந்து தடவையும் சொன்னாள்.

வீடு வந்து சேர்ந்த பிறகு, அவள் தண்ணீர் எடுக்கப் போயிருந்த சமயத்தில், மனைவியிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். பாவாடை சின்னதாக இருக்கிறது என்று ஒரு கார்டு போடக் கூடாதா என்றேன். பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்று ஒரு வரி எழுதக் கூடாதா என்றேன்.

"நீங்க கையால அளவு காட்டி வாங்கினீங்கன்னு கடைக்காரவுங்க வீட்டு ஆளு சொன்னாங்க. அந்த அளவு உங்க மனசுல இருந்துட்டுப் போகட்டும்னு இருந்தேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "அவ பெரிய மனுசியாகி ஆறு மாசம் ஆச்சுங்க. சடங்குக்கு நீங்க இல்லையேன்னு அன்னைக்கு ஓடிப்போயி கார்டு வாங்கினேன். கடுதாசி எழுதுறது ஆம்பள. அந்த மனுசன்கிட்ட உக்காந்து இதை எப்படிச் சொல்லி எழுதச் சொல்றது? குழந்தை சுகம்னே எழுதச் சொல்லிட்டு வந்துட்டேன்."

அந்தக் கார்டு என் பெட்டியில் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த கார்டுதான்.

மகள் தண்ணீரோடு வந்தாள். பலகையிலிருந்து செம்பை எடுக்கப் போனவள், கீழே இருந்த முக்காலியைக் காலால் ஒதுக்கிவிட்டு நின்றபடியே எடுத்தாள். அதற்குள் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. ஒன்றரை ரூபாய் என்றாலும் பொய்க் கணக்கு பொய்க் கணக்குத்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் வீட்டு வாசலில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் காகிதத்தை வைத்து, சம்பளப் பகுதிக்கு இரண்டாவது கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். முன்னர் எழுதிய கடிதத்தில் கொடுத்த வயது தவறு. முதலில் பிடித்த தொகையே சரி. முழுக் கட்டணப்படி திரும்பவும் திருத்திய சீட்டு அனுப்பவும். துரை என்மேல் வைத்த நம்பிக்கையில்தான் கையெழுத்திட்டார், பிழை முழுதும் என்னுடையது.

மகள் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். பெருக்கி முடித்து, விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டு, என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். அவளாகக் கேட்ட முதல் கேள்வி. சொன்னேன், மறைக்கவில்லை. உன் டிக்கெட்டுக்குப் பணம் கூடப் பிடித்துவிட்டார்கள் என்று சண்டை போட்டேன், உனக்கு வயது ஒன்பது என்று எழுதிவிட்டேன், அதைத்தான் திருத்துகிறேன் என்றேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"ஒன்பது வயசுலதான் எனக்கு அம்மை போட்டுச்சு" என்றாள். "வேப்பிலைப் படுக்கையில கெடந்தேன். அப்பா வருவாரு, இதோ வந்துக்கிட்டே இருக்காருன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருந்திச்சு. நானும் நீங்க வருவீங்கன்னுதான் கண்ணை மூடாம பாத்துக்கிட்டுக் கெடந்தேன்."

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர்ப் பீலிக்குப் போய்விட்டாள். நான் அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். பதின்மூன்று வயதுப் பெண் என் வீட்டில் இருந்தாள், அதற்காகச் சாமிக்கு ஆயிரம் கும்பிடு போடலாம். ஆனால் அந்த ஒன்பது வயதுக்காரி, வேப்பிலையில் கிடந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அவளை எந்த ரயிலும் இனிமேல் கொண்டுவந்து இறக்காது. அவளைத்தான் நான் ஆசைப்பட்டு அரை டிக்கெட்டில் எழுதியிருந்தேன்.

மறுநாள் துரையிடம் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு என்னை ஏறஇறங்கப் பார்த்தார். கம்பெனியிடமிருந்து பணம் வாங்கக் கடிதம் எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கொடுக்க எழுதுகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். கையெழுத்துப் போட்டார். பெரிய கிளாக்கர் கடிதத்தை உறையில் போடும் முன், விதியை நினைவூட்டினார். இப்போது தப்பான சீட்டு, அந்தத் திருத்திய சீட்டுத்தான். அதை இணைக்க வேண்டுமே, எங்கே என்று கேட்டார்.

அது என் சட்டையின் உள்பையில் இருந்தது. பெரியவர் ஒருவர், குழந்தை ஒன்று. உலகத்தில் வேறெந்தக் காகிதத்திலும் அப்படி எழுதியிருக்கவில்லை, இனி எழுதப்போவதும் இல்லை.

கடிதத்தைத் திரும்ப வாங்கி, அடியில் ஒரு வரி சேர்த்தேன். மேற்படி சீட்டு பிரயாணத்தில் கைதவறித் தொலைந்துவிட்டது என்று எழுதினேன். அந்த ஆபீசில் நான் தெரிந்தே எழுதிய ஒரே பொய் அதுதான். பெரிய கிளாக்கர் என் சட்டைப் பையைப் பார்த்தார், பிறகு உறையை ஒட்டினார்.

அந்த வாரமே பெரட்டில், அடுத்த வருஷம் வா என்று நான் துரத்திய பெண்ணின் மகளைக் கூப்பிட்டு நேரே நிற்கவைத்துப் பார்த்தேன். துரையிடம் சொல்லி முழுப்பேருக்கு மாற்றினேன். அந்தத் தாய் என்னைக் கும்பிட்டாள். அதை வாங்கிக்கொள்ள எனக்கு முகமில்லை.

கொழும்பிலிருந்து முழுக் கட்டணப்படி மூன்றாவது சீட்டு வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. அதற்கடுத்த மாதச் சீட்டில் புதிதாக ஒரு வரி. தொலைத்த சீட்டுக்கு அபராதம், இருபத்தைந்து சதம். கம்பெனி விதியில் அதற்குப் பத்து சதம்தான். பெரிய கிளாக்கர் விதிப் புத்தகத்தைப் பிரித்து என் முன்னால் வைத்து, எழுதுகிறாயா என்று கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லி, கையெழுத்துப் போட்டேன்.